நான்கு எண்ணும் ஒரு கோடும்

மலை மேலே, ஏரிக்கரைச் சாலையில் பெரியசாமி முதலாளிக்கு ஒரு கடை இருந்தது. காப்பித்தூள், மிளகு, தேன், தைல எண்ணெய் என்று சுற்றுலா வருகிறவர்கள் ஊருக்கு வாங்கிப் போகிற சாமான்கள் விற்கும் கடை. 1994 முதல் மூன்று வருடம் ஜெயகுமாரி அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் பில் போட்டேன். எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும்தான். அதனால் நடந்ததில் பெரும்பாலானவற்றை நேரில் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஜெயகுமாரியின் அப்பா லூர்துராஜ் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். நெஞ்சுச் சளி முற்றி வேலையை விட்டுவிட்டார். இவள் பிளஸ் டூ முடித்து, டைப்பிங் ஹையர் பாஸ் செய்து, ஆறு மாதம் தினமும் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறி சேலத்தில் கம்ப்யூட்டர் படித்தாள். பஸ்ஸில் வாந்தி வரும் என்று காலையில் சாப்பிடாமலே போவாள். வேலைக்குச் சேரும்போது வயது இருபத்து நான்கு. சம்பளம் தொள்ளாயிரம்.

முதலாளி சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்தவர். குடியிருப்பும் அங்கேதான். வாரம் ஒருநாள், செவ்வாய்க்கிழமை காலை, காரில் மேலே வருவார். மற்ற நாட்களில் கடையை நடத்தியவர் பொன்னுவேல், முதலாளி மனைவியின் தம்பி. அவரை மேனேஜர் என்று கூப்பிட வேண்டும். கொள்முதல் எல்லாம் அவர் கையில்.

ஜெயகுமாரி வருவதற்கு முன்பு முதலாளிக்கு வாரா வாரம் பதினோரு பக்கம் கணக்கு போகும். எந்தச் சாமான் எத்தனை கிலோ, எந்த நாள் எவ்வளவு, இருப்பு எவ்வளவு, உடைந்த பாட்டில் எத்தனை என்று எல்லாம் இருக்கும். அவர் முதல் பக்கத்தைப் பார்ப்பார், கடைசிப் பக்கத்தைப் பார்ப்பார், மடித்துக் காரில் போடுவார். பிறகு வாயால் கேட்பார். கேட்டதற்கு யாரிடமும் பதில் இருக்காது. எல்லோரும் திட்டு வாங்குவோம்.

கம்ப்யூட்டர் வந்ததும் அதே பதினோரு பக்கத்தை அடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். முதல் செவ்வாய் கொடுத்தாள். அவர் தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஏம்மா, அம்பதாயிரம் குடுத்து மிசின் வாங்குனது இதுக்கா? நான் ஒரு டம்ளர் காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள கட எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரியோணும்."

"செய்யறனுங்க. ஒரு மாசம் டைம் குடுங்க" என்றாள்.

அந்த ஒரு மாதம் அவள் கம்ப்யூட்டரில் எதுவும் புதிதாகச் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை முதலாளி வந்தால் ஒரு பள்ளிக்கூட நோட்டுடன் பக்கத்தில் நிற்பாள். அவர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே எழுதுவாள். நான்கு செவ்வாய் முடிந்ததும் நோட்டைக் கண்ணாடித் தடுப்புக்கு மேலாக என்னிடம் நீட்டினாள்.

"பாருங்க சாந்தி, எத்தனையோ கேக்கற மாதிரி இருக்குது. ஆனா திருப்பித் திருப்பி நாலுதான். எவ்வளவு வித்துச்சு. எத்தன பேரு வாங்குனாங்க. ஒருத்தர் எவ்வளவுக்கு வாங்குனாங்க. வாங்குன வெல போக நமக்கு எவ்வளவு நிக்குது."

அந்த நான்கையும் ஒரே தாளின் தலையில் பெரிய எழுத்தில் வைத்தாள். வாரத்து விற்பனை 31,312. பில் 412. ஒரு பில்லுக்கு 76. கொள்முதல் போக மிச்சம், நூற்றுக்கு 24. ஒவ்வொன்றின் அடியிலும் சிறிய எழுத்தில், போன வருடம் இதே வாரம் எவ்வளவு என்று ஒரு எண். அவ்வளவுதான். அதற்குக் கீழே தாளின் மீதி முழுவதும் ஒரே ஒரு படம்: வாரா வாரம் விற்பனை எப்படிப் போகிறது என்று காட்டும் கோடு. இந்த வருடத்துக்கு அழுத்தமான கோடு, போன வருடத்துக்குப் புள்ளிக் கோடு. எங்கள் பிரிண்டருக்குக் கறுப்பைத் தவிர வேறு நிறம் தெரியாது என்பதால் அப்படி.

புள்ளிக் கோட்டுக்காக அவள் பட்டது கொஞ்சமில்லை. போன வருடத்துப் பில் புத்தகங்களைச் சாக்கிலிருந்து எடுத்து, கரையான் தின்றது போக மிஞ்சியதை வாரம் வாரமாகக் கூட்டி ஏற்றினாள். இரண்டு மாதம் ஆனது. போன வாரத்தோடு ஒப்பிட்டால் போதாதா என்று கேட்டேன். "மே மாசத்த ஜூனோட ஒப்பிட்டா எந்த வருசமும் கட மூழ்கற மாதிரித்தான் தெரியும்" என்றாள். தீபாவளி போன வருடம் எந்த வாரம், இந்த வருடம் எந்த வாரம் என்று பார்த்து அந்த இடத்தில் மட்டும் பேனாவால் ஒரு சிறு குறி போட்டாள்.

முதலாளிக்கு வட்டப் படம்தான் பிடித்திருந்தது. சேலத்தில் ஒரு நண்பர் கடையில் கலர் கலராகப் பார்த்திருக்கிறார்.

"வட்டத்துல எதுக்கு எவ்வளவு பங்குன்னு தெரியுமுங்க முதலாளி. ஏறுச்சா எறங்குச்சான்னு தெரியாதுங்க. நீங்க கேக்கறது அதத்தானுங்களே?"

இருப்புக் கணக்கையாவது ஓரத்தில் போடக்கூடாதா என்றார் பொன்னுவேல். "அதெல்லாம் ஃபைல்ல இருக்குதுங்க சார். கேட்டா எடுத்துக் குடுக்கறன். கேக்காதப்ப கண்ணுல படக்கூடாதுங்க. நாலுக்கு மேல போனா மறுபடி யாரும் பாக்க மாட்டாங்க" என்றாள்.

முதலாளி சிரித்தார். "நாலுன்னா நாலுதான்" என்றார்.

ஜூன் வந்தது. கோடை விழா முடிந்து விற்பனை பாதியாக விழுந்தது. ஒவ்வொரு ஜூனும் எங்களை வரிசையாக நிறுத்தி வைத்துத் திட்டுகிற மனிதர், அந்தச் செவ்வாய் தாளை எடுத்தார். அழுத்தமான கோடு சரிந்திருந்தது. புள்ளிக் கோடும் அதே இடத்தில், இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சரிந்திருந்தது. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனார். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதம் ஜெயகுமாரிக்கு நூறு ரூபாய் சம்பளம் கூடியது. தேன் கவுண்டரில் நின்ற காளியாயி அக்கா அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல்களைச் சொடுக்கினார்.

காளியாயி கிளியூர்க்காரர். ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. கடை ஆரம்பித்த நாளிலிருந்து தேனும் மிளகும் அவர் கவுண்டர்தான். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மிளகைக் கையில் அள்ளினால் எந்த ஊர்த் தோட்டத்து மிளகு என்று சொல்லுவார். வருகிறவர்களை ஒரு சொட்டுத் தேன் நக்க வைத்து இரண்டு பாட்டில் விற்றுவிடுவார். ஜெயகுமாரி மதியம் அவரோடுதான் சாப்பிடுவாள்.

அடுத்த வருடம் பிப்ரவரியில் நான்காவது எண் அசைய ஆரம்பித்தது. 24 இருந்தது 23 ஆனது. பிறகு 21. பிறகு 19. மற்ற மூன்று எண்களும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. ஜெயகுமாரி முதலில் தன் கணக்கு தப்போ என்று பார்த்தாள். விற்ற சரக்கு ஒவ்வொன்றுக்கும் கடைசியாக வாங்கிய விலையைப் பெருக்கித்தான் அந்த மிச்சம் வரும். எல்லாக் கொள்முதல் பில்லையும் எடுத்துச் சரிபார்த்தாள். தப்பு இல்லை. மாரமங்கலத்து விவசாயிகளிடம் வாங்கிக்கொண்டிருந்த மிளகை நிறுத்திவிட்டு, பொன்னுவேல் கீழே சேலத்தில் ஒரு தரகரிடம் வாங்க ஆரம்பித்திருந்தார். விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் அதிகம். காப்பித்தூளும் அதே தரகரிடம், அதைவிடக் கூடுதல் விலைக்கு.

சரக்கும் மட்டம். காளியாயி மிளகு மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி ஊதிப் பார்த்தார். பாதி பறந்தது.

"ஏனுங்க, இது நம்ம மல மொளகு இல்லீங்க. பதருங்க. இதப் போயி அந்த வெலைக்கு வாங்கியிருக்கறீங்களே" என்றார். கடையில் கூட்டம் இருந்தது. பொன்னுவேல் காளியாயியைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

அந்தச் செவ்வாய் முதலாளி தாளில் 19ஐப் பார்த்து, "இது ஏன் இப்படி?" என்று கேட்டார். ஜெயகுமாரி வாயைத் திறப்பதற்குள் பொன்னுவேல் முந்திக்கொண்டார்.

"மாமா, இந்த மிச்சக் கணக்கெல்லாம் சரக்கு வெல ஏறி எறங்கறதுல வர்றது. அதப் பாத்து நீங்க என்ன செய்யப் போறீங்க? ஆளுங்க வேல செய்யறாங்களா இல்லையான்னு தெரிய வேண்டாமா? எந்த கவுண்டரு எவ்வளவு விக்குதுன்னு இதுல எங்க இருக்குது?"

"அதையும் போட்டுரும்மா" என்றார் முதலாளி.

"நாலுக்கு மேல வேண்டாம்னு இந்தப் புள்ளதானே சொன்னா?" என்றார் பொன்னுவேல், மெதுவாக. "மிச்சத்த எடுத்துட்டு அந்த எடத்துல கவுண்டர் கணக்கப் போடட்டும். படமும் அப்படித்தான். மொத்த விற்பனையப் பாத்து என்ன புண்ணியம்? எந்த கவுண்டரு சரியில்லையோ அத மட்டும் போடட்டும்."

முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். "சரி, மாத்திரு" என்றார்.

அவள் சொன்ன விதியாலேயே அவள் வாயை அடைத்தார்கள். நான்கில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதைப் பொன்னுவேலும் அவளிடமிருந்தே கற்றுக்கொண்டிருந்தார்.

எந்த கவுண்டர் என்பதைப் பொன்னுவேல் முன்பே முடிவு செய்திருந்தார். ஆறு வாரத்தில் காளியாயி கவுண்டர் 4,900லிருந்து 4,600க்கு வந்திருந்தது. நூற்றுக்கு ஆறு. அதில் இரண்டு வாரம் சின்ன தேன் பாட்டிலே வரவில்லை. வரவழைக்க வேண்டியவர் பொன்னுவேல். மீதிக்கு அந்தப் பதர் மிளகு போதும்.

ஜெயகுமாரி படத்தைப் போட்டாள். வழக்கம்போல அடிக்கோட்டைச் சுழியத்தில் வைத்தாள். மெஷினை அதன் போக்கில் விட்டால் இருக்கிற எண்களை ஒட்டி அதுவாகவே ஒரு அளவு எடுத்துக்கொள்ளும். அதனால் அவள் எப்போதும் கையால் சுழியம் என்று கொடுப்பாள். கோடு லேசாகச் சாய்ந்து, ஏறக்குறைய நேராகப் போனது.

பொன்னுவேல் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "இதுல ஒண்ணுமே தெரியலையே. மேல காலி, கீழ காலி. கீழ இருக்கற காலி எடத்தத் தூக்கு."

"அத எடுத்தா நாலாயிரத்து ஐநூறுல இருந்துதான் தொடங்குமுங்க சார். முந்நூறு ரூவா கொறஞ்சது மொத்தமும் விழுந்த மாதிரி தெரியும்."

"தெரியட்டும். ஓரத்துல இருக்கற நம்பரையும் எடுத்துரு. முதலாளிக்குப் படம் போதும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் பில் புத்தகத்தில் கார்பன் மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

பிரிண்டர் கத்திக்கொண்டே தாளைத் துப்பியது. இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலை வரை ஒரு கோடு. கிளியூர் அருவி விழுகிற மாதிரி இருந்தது. ஓரத்தில் ஒரு எண்கூட இல்லை.

ஜெயகுமாரி ஒரு காரியம் செய்தாள். சுழியத்திலிருந்து தொடங்கும் படத்தையும் தனியாக ஒன்று அடித்து மடித்து வைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை பொன்னுவேல் வெளியே சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு தாளையும் முதலாளி முன்னால் அருகருகே வைத்தாள்.

"ரெண்டும் ஒரே கணக்குதானுங்க முதலாளி. கோடு எங்க இருந்து தொடங்குதுங்கறதுதான் வித்தியாசம். காளியாயி அக்கா மேல தப்பு இல்லீங்க. பாட்டில் வரல. மொளகு சரியில்ல. தாள்ல இருந்து எடுத்துட்ட மிச்ச நம்பர்லதான் எல்லாம் இருக்குதுங்க. இப்ப அது பதினெட்டுக்கு வந்துருச்சுங்க."

முதலாளி இரண்டையும் பார்த்தார். நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு சொன்னதை நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

"எனக்குத் தெரியும்மா. முப்பது வருசம் தராசு புடிச்சவன் நான். முள்ளு எங்க நிக்குது, எவன் வெரல் எங்க இருக்குதுன்னு தெரியாதா? மச்சான் திங்கறான். அவன வெளிய அனுப்புனா என் ஊட்டுல அடுப்பு எரியாது. அவன் கோவத்துக்கு யாராச்சும் ஒருத்தர அனுப்பித்தான் ஆகோணும். அந்தப் பொம்பளைய அனுப்புனா எவன் கேக்கப் போறான்?"

அவள் தாள்களைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினாள்.

"நீ கெட்டிக்காரப் புள்ள. உங்கப்பனுக்கு மருந்துச் செலவு இருக்குது. நொம்ப யோசிக்காத" என்று சொல்லிவிட்டுச் சுழியத்தில் தொடங்கிய தாளை நான்காக மடித்துக் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்தார்.

பொன்னுவேல் அருவித் தாளைக் காளியாயி கவுண்டருக்குப் பின்னால் சுவரில் ஒட்டினார். வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி. மதியம் கூட்டம் குறைந்ததும் காளியாயி அதன் முன்னால் போய் நின்றார். ஜெயகுமாரியைக் கூப்பிட்டார்.

"இது என்ன கண்ணு?"

"உங்க கவுண்டர் விக்கறதுங்க அக்கா."

காளியாயி விரலைக் கோட்டின் மேல் முனையில் வைத்து மெல்ல இறக்கிக்கொண்டே வந்தார். கீழ் முனையில் விரல் நின்றது. அங்கே தாள் முடிந்திருந்தது.

"இதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லியா சாமி? அப்ப நான் எதுவுமே விக்கலியா?"

பொன்னுவேல் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயகுமாரி அவரைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள்.

"வியாபாரம் கொறஞ்சிருக்குதுங்க அக்கா" என்றாள்.

"நீ போட்டதா?"

"ஆமாங்க."

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றார் காளியாயி. தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு சாயங்காலம் வரை தேன் பாட்டில்களைத் துடைத்துத் துடைத்து வைத்தார். அன்று வந்த ஒவ்வொருவரிடமும், "வாங்கிக்கங்க, நல்ல தேனுங்க" என்று கெஞ்சினார். அதற்கு முன் அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். பதினொரு வருட வேலைக்கு ஒரு மாதச் சம்பளமும் ஒரு கிலோ காப்பித்தூளும். காப்பித்தூளை அவர் கவுண்டரிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போனார். கிலோ கணக்கில் கூலி. ஐம்பது வயதுக்கு மேல் சரிவில் நின்று பறிப்பது முடியாத காரியம். அட்டை கடித்த கால் புண்ணாகி ஆறவே இல்லை என்று சொன்னார்கள். ஜெயகுமாரி ஒரு ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து மருந்து வாங்கிக்கொண்டு கிளியூருக்கு நடந்து போனாள். கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் இருக்கிற சத்தம் கேட்டதாம். மருந்தை வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

கடையில் தாள் வாரா வாரம் போய்க்கொண்டிருந்தது. மிச்சம் என்ற எண் அதில் மறுபடி வரவில்லை. அடுத்து தைல எண்ணெய் கவுண்டர், அதற்கடுத்து பொட்டலம் கட்டுகிற பெண் என்று ஒவ்வொருவர் மேலும் அந்தக் கோடு விழுந்தது. ஒவ்வொன்றையும் ஜெயகுமாரிதான் அடித்துக் கொடுத்தாள். அவள் முகத்தில் எதுவும் தெரியாமல் போயிற்று. மதியம் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். நான் ஒருமுறை, "வேற வேல பாக்கலாமில்ல?" என்று கேட்டேன். "அப்பா இருக்கற வரைக்கும் எங்கயும் போக முடியாதுங்க சாந்தி" என்றாள்.

1997இல் பொன்னுவேலின் அண்ணன் மகள் கம்ப்யூட்டர் படித்து முடித்தாள். ஜெயகுமாரியை ஒரு வாரம் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் தேவைப்படவில்லை. எண்களை ஏற்றினால் தாள் தானாக வரும்படி அவள் அத்தனை சுத்தமாகச் செய்து வைத்திருந்தாள். ஒன்றரை நாளில் அந்தப் பெண்ணுக்கு வந்துவிட்டது. புதன்கிழமை மதியமே, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். லூர்துராஜ் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் இறந்திருந்தார். முதலாளி கீழேயிருந்து போனில்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் சேலத்தில் ஒரு நூல் வியாபாரியிடம் வேலைக்குப் போனாள். கொஞ்ச நாள் மேலேயிருந்தே போய்வந்தாள். ஒருநாள் காலை பஸ்ஸில் நானும் இருந்தேன். என் தங்கையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். காளியாயி ஏறினார். காலில் துணி சுற்றியிருந்தது. உட்கார இடம் இல்லை. ஜெயகுமாரி எழுந்து, "அக்கா, இங்க உக்காருங்க" என்றாள்.

காளியாயி அவளைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஜெயகுமாரி உட்காரவில்லை. அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்துகொண்டார்கள். அடிவாரம் வரை இரண்டு பேரும் நின்றுகொண்டே போனார்கள், கை எட்டுகிற தூரத்தில், ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் மேல் ஒருவர் சாயாமல் பார்த்துக்கொண்டு.